டிஸ்சார்ஜ் புத்தகம் ஐடிஐ சான்றிதழுக்கு ஈடாகுமா?

வேலூர்க்காரன்: ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யில் வெஹிக்கிள் மெக்கானிக்காக 17 வருடம், ஹவில்தார், கிளாஸ் 1. போன மாதம் ஒரு டெக்னீசியன் வேலைக்குப் போட்டேன், தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சிலான என்சிவிடியின் ஐடிஐ சான்று இல்லை என்று திருப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் டிரேடு எழுதியிருக்கிறதே, அது போதாதா?

சுபேதார் ஐயா: தம்பி, 15 வருஷம் முடித்தவனுக்குப் பட்டதாரிக்குச் சமம் என்று சான்று தருகிறார்கள். அது கையில் இருக்கும்போது ஐடிஐ எதற்கு? அதைக் காட்டு.

மதுரைக்காரன்: ஐயா, அதில் பாதிதான் சரி. அந்தச் சமநிலை 1986 உத்தரவில் வந்தது. மத்திய அரசின் குரூப் சி பதவியில் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பட்டம் கேட்டால், பத்தாவது படித்து 15 வருடம் சேவை முடித்தவரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று போட்ட பதவிக்கு அது பொருந்தாது. கிளார்க் வேலைக்கு உதவும், இவர் கேட்கும் வேலைக்கு உதவாது.

வேலூர் தம்பி, உங்களுக்கு நேர்வழி அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதுதான். டிரேடில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் பக்கத்து அரசு ஐடிஐயிலேயே கேளுங்கள். தேறினால் ஐடிஐ படித்தவருக்குக் கிடைக்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ்தான். இதில் இடறுவது இரண்டு இடத்தில். ஒன்று, அனுபவச் சான்றில் "ராணுவத்தில் பணி" என்று மட்டும் எழுதியிருந்தால் எடுபடாது, எஞ்சின் ஓவர்ஹால், பிரேக், எலக்ட்ரிக்கல் என்று செய்த வேலையை எழுதி வாங்க வேண்டும். யூனிட்டில் இருக்கும்போதே வாங்கியிருந்தால் சுலபம், வெளியே வந்துவிட்டால் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். இரண்டு, தியரி. ராணுவ ஸ்டாலியன் லாரியை இருட்டில் பிரித்து மாட்டுவீர்கள், ஆனால் ஒர்க்ஷாப் கணக்கும் பிஎஸ்-6 வண்டியின் சென்சாரும் கேட்டால் படித்தால்தான் வரும்.

டிரைவர் கண்ணன்: என் விஷயம் கேளுங்க. ராணுவ லைசென்ஸை வைத்துக்கொண்டு வெளியே லாரி ஓட்ட முடியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 9-ம் பிரிவின்படி அந்த வகை வண்டிக்கு மறுபடி டெஸ்ட் வேண்டாம். ஒரு அலுவலகத்தில் டெஸ்ட் போட்டே தீர வேண்டும் என்றார்கள், பிரிவைப் பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.

மதுரைக்காரன்: உங்களுக்கு அது சரி அண்ணே, மெக்கானிக்குக்கு அப்படி ஒரு பிரிவு இல்லையே.

பட்டறை முருகேசன்: ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்பிஎல் இருக்கே, சில நாளில் சான்று கையில். எனக்கு ஆள் எடுக்க அதுவே போதும், ஸ்கேனரைக் கையில் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் ஆள் தெரிந்துவிடும்.

மதுரைக்காரன்: உங்கள் பட்டறைக்குப் போதும். ஆர்பிஎல் சான்று ஐடிஐ சான்று இல்லை. விளம்பரத்தில் "என்சிவிடி" என்று இருந்தால் அதை ஒதுக்கிவிடுவார்கள். தனியாரில் வேலை வேண்டுமா, அரசில் வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு எதற்குப் போகலாம் என்று பாருங்கள்.

சுபேதார் ஐயா: 17 வருஷம் ராணுவ வண்டியைப் பார்த்தவனை மறுபடி பரீட்சை எழுதச் சொல்வது நியாயமா? கிளாஸ் 1 என்பதே ஒரு தேர்வுதானே, அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன?

பட்டறை முருகேசன்: ஏற்கலாம் ஐயா, ஆனால் என் பட்டறைக்கு வருவது கார். ஸ்டாலியன் இல்லை.

வேலூர்க்காரன்: ரெக்கார்ட்ஸுக்கு இன்றே எழுதுகிறேன். ஐடிஐ தியரிப் புத்தகம் தமிழில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.