எல்.சி.டி.யில் நின்ற 511: டைமர், இண்டரப்ட் வைத்து நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

ஆரல்வாய்மொழி, மூன்றாம் ஆண்டு

போன ஆடி மாசம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மினி பிராஜெக்டுக்குக் காற்று வேகமானி செய்தோம். கிண்ணம் சுற்றும் அச்சில் 32 துளை போட்ட தட்டு, அதில் ஐ.ஆர். சென்சார், அர்டுயினோ ஊனோவின் 2-ஆம் பின். ஒவ்வொரு துளைக்கும் ஒரு இண்டரப்ட், `pulses` ஒன்று கூடும். டைமர் 1 ஒவ்வொரு வினாடியும் அதைப் பூஜ்யமாக்கும். மெயின் லூப் அதை ஓயாமல் படித்து, அன்றைய உச்சத்தை எல்.சி.டி.யில் காட்டும்:

```
n = pulses;
if (n > peak) peak = n;
```

லேபில் டேபிள் ஃபேன் முன்னால் வைத்தால் 140 வரை போகும், ஒரு கோளாறும் இல்லை. வீட்டு மொட்டை மாடியில் வைத்த முதல் நாள், கணவாய்க் காற்றில் கிண்ணம் தெரியாத அளவுக்குச் சுற்றியது. 268 இருந்தது. கீழே போய்ச் சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் 511. அவ்வளவு காற்று அடித்திருந்தால் அந்த ஸ்டாண்டே நின்றிருக்காது. சென்சார் நாய்ஸ் என்றார் சார். ரீசெட் செய்து வைத்தேன். மறுநாளும் 511, அதற்கு மறுநாளும் 511. 498 இல்லை, 530 இல்லை. நாய்ஸ் என்றால் தினமும் ஒரே எண்ணாகவா வரும்?

தக்கலை

`volatile` போடவில்லை, அதுதான். எனக்கும் இதே கதை. பட்டனை அழுத்தினால் இண்டரப்ட் வந்து, அதற்கென்று எழுதிய ஐ.எஸ்.ஆர். ஒரு ஃபிளாகை 1 ஆக்கும், மெயினில் `while(!flag);` என்று காத்திருப்பேன். அழுத்து அழுத்தென்று அழுத்தினாலும் அசையாது. என்ன நடக்கிறதென்று பார்க்க லூப்புக்குள் ஒரு பிரிண்ட் போட்டேன், உடனே வேலை செய்தது! பிரிண்டை எடுத்தால் மறுபடி நின்றுவிடும். இரண்டு நாள் தூக்கமில்லை. ஃபிளாக் மாறவே மாறாது என்று நினைத்து கம்பைலர் அதை ஒரே ஒரு தடவை படித்துவிட்டுச் சும்மா சுற்றியிருக்கிறது. `volatile` என்று ஒரு வார்த்தை போட்டதும் சரியானது. ஐ.எஸ்.ஆர்., மெயின் இரண்டும் தொடுகிற எதற்கும் அதைப் போட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, மூன்றாம் ஆண்டு

அண்ணா, `volatile uint16_t pulses;` என்றுதான் இருந்தது. அப்படியிருந்தும் 511.

மார்த்தாண்டம், சர்வீஸ் கடை

இது டைமர் கணக்குத் தப்புதான். நான் பாலிடெக்னிக்கில் 8051 வைத்து ஒரு டியூஷன் சென்டருக்கு மணி அடிக்கும் கடிகாரம் செய்து கொடுத்தேன். 50 மில்லி வினாடிக்கு 0x3CB0 என்று நோட்டில் இருந்ததை அப்படியே போட்டேன். ஒரு மணி நேர வகுப்பு ஐந்து நிமிஷம் கூடுதலாக ஓடியது. பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போர்டைத் திருப்பிப் பார்த்தால் கிரிஸ்டல் 11.0592. நோட்டுக் கணக்கு 12 மெகா ஹெர்ட்ஸுக்கு. உன் போர்டிலும் கிரிஸ்டலைப் பார் மக்கா.

வடசேரி

அவருடைய கடிகாரக் கதை உண்மைதான், ஆனால் இங்கே அது பொருந்தாது. டைமர் எட்டு சதவீதம் மெதுவாக ஓடினால் 268 என்பது 290 ஆகும், 511 ஆகாது.

தங்கச்சி, அந்த எண்ணை ஹெக்ஸில் எழுதிப் பார்: 0x1FF. ஊனோவின் சிப் 8 பிட். உன் `pulses` 16 பிட். `n = pulses` என்பது உனக்கு ஒரு வரி, சிப்புக்கு இரண்டு வேலை:

```
lds r24, pulses
lds r25, pulses+1
```

முதலில் கீழ் பைட், அப்புறம் மேல் பைட். எண்ணிக்கை 255-இல் நிற்கிறது, அதாவது 0x00FF. கீழ் பைட் FF படித்தாயிற்று. சரியாக அந்த நேரத்தில் ஒரு துளை கடக்கிறது. ஐ.எஸ்.ஆர். ஓடி எண்ணிக்கையை 256 ஆக்குகிறது, 0x0100. திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் 01. பழைய FF, புதிய 01, இரண்டையும் ஒட்டினால் 0x01FF. உன் 511 இதுதான்.

லேபில் ஏன் வரவில்லை? ஃபேன் காற்று 255-ஐத் தாண்டவே இல்லை. மேல் பைட் எப்போதும் பூஜ்யம், கலந்து போக எதுவுமில்லை. மாடியிலும் இது அபூர்வம்தான்: அந்த இடைவெளி 16 மெகா ஹெர்ட்ஸில் இரண்டு கிளாக், 0.125 மைக்ரோ வினாடி. உன் லூப் ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோ வினாடி என்று வைத்தால், 255-ஐத் தாண்டும் 800 தடவையில் ஒன்று மாட்டும். ஒவ்வொரு வினாடியும் தாண்டுகிற காற்றில் அது கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். உச்சத்தை மட்டும் நீ வைத்திருப்பதால் ஒரு தடவை மாட்டினாலும் நாள் முழுக்க நிற்கும். சராசரி எடுத்திருந்தால் இது உன் கண்ணிலேயே பட்டிருக்காது.

நான் மீட்டர் ஃபர்ம்வேர் எழுதிய காலத்தில் எனக்கு வந்தது 65535 அருகே. நடுவில் ஒரே ஒரு அளவு மட்டும் எகிறி நிற்கும். ஹெக்ஸில் எழுதிப் பார்க்கத் தோன்ற எனக்கு நாலு மாசம் ஆனது. நீ படிக்கிற அந்த நேரம் மட்டும் இண்டரப்டை மூடிவிட்டு, படித்ததும் பழையபடி ஆக்கு:

```
uint8_t s = SREG;
cli();
n = pulses;
SREG = s;
```

இதனால் துளை எதுவும் விட்டுப்போகுமோ என்று பயப்படாதே. இண்டரப்ட் மூடியிருக்கும்போது துளை கடந்தால் சிப் அதை ஒரு ஃபிளாகில் குறித்து வைத்து, திறந்ததும் ஓட்டும். ஒன்றைத்தான் நினைவு வைக்கும், இரண்டு வந்தால் ஒன்று போச்சு. உனக்குத் துளைகள் மூன்று மில்லி வினாடிக்கு மேல் தள்ளித் தள்ளி வருகின்றன, மூடியிருப்பதோ ஒரு மைக்ரோ வினாடிகூட இல்லை.

தக்கலை

அக்கா, நான் இப்போது ஈ.எஸ்.பி. 32-இல்தான் எல்லாம் செய்கிறேன். `volatile` மட்டும்தான், ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை.

வடசேரி

தம்பி, அது 32 பிட். 16 பிட் எண்ணை ஒரே மூச்சில் எடுத்துவிடும், அதனால் இந்தக் கோளாறு அங்கே வராது. ஆனால் மெயினில் `pulses = pulses - n;` என்று எழுதிப் பாருங்கள். படிப்பது, கழிப்பது, திருப்பி எழுதுவது, மூன்றும் தனித்தனி. நடுவில் ஐ.எஸ்.ஆர். கூட்டிய ஒன்று, நீங்கள் எழுதும்போது அழிந்துவிடும். `volatile` கம்பைலரிடம் சொல்லும் வார்த்தை. இண்டரப்டை அது தடுக்காது.

குளச்சல்

எல்லாரும் மென்பொருளையே பேசுகிறீர்கள். எங்கள் வள்ளத்தில் என்ஜின் சுழற்சியை எண்ண ரீட் சுவிட்ச் போட்டேன், ஒரு சுற்றுக்கு மூன்று காட்டியது. தகடு துள்ளுகிறது, அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், மாடியிலிருந்து வயர் இழுக்கிற யாரும் இதைச் செய்துவிடுங்கள். சென்சார் வயரையும் கிரவுண்டையும் சேர்த்து முறுக்கிக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் புல்-அப் நீள வயருக்குத் தாங்காது, வெளியே 4.7 கிலோ ஓம் ஒன்று வையுங்கள். அர்டுயினோ பின்னை ஒட்டியே கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர். ஐ.எஸ்.ஆர்.ரில் முந்தைய துளையின் நேரத்தைக் குறித்துவைத்து, ஒரு மில்லி வினாடிக்குள் வருவதைத் தள்ளிவிடுங்கள். கடல் காற்றில் சாலிடர் பச்சை பிடிக்கும், வார்னிஷ் அடியுங்கள். கனெக்டர் மலிவாக வாங்காதீர்கள். பெட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை விடுங்கள், ஈரம் இறங்கட்டும்.

ஆரல்வாய்மொழி, மூன்றாம் ஆண்டு

அக்கா சொன்ன நாலு வரியைப் போட்டு ஒன்பது நாள் ஆகிவிட்டது. 255-ஐத் தினமும் தாண்டுகிறது, 511 ஒரு தடவைகூட வரவில்லை. பழைய புரோகிராமையும் ஒரு மணி நேரம் ஏற்றிப் பார்த்தேன், இருபது நிமிஷத்தில் வந்து நின்றது!

ஆனால் நேற்று சாயந்தரம் 347. ஹெக்ஸில் 0x15B, FF இல்லை. அப்பா கிணற்று மோட்டார் போட்ட நேரம் என்று அம்மா சொல்கிறாள். குளச்சல் அண்ணா, கபாசிட்டரை மட்டும் முதலில் வைத்துப் பார்க்கவா, இல்லை வயரையும் மாற்றணுமா?