புதுப்பிப்பு: தடித்த கல்லுக்குச் செங்குத்து அச்சுத் தேற்றம் ஏன் பொருந்தவில்லை?

என் பழைய கேள்வி: "நிலைமத் திருப்புத்திறனில், வட்டத் தகட்டுக்குச் சரியாக வரும் Iz = Ix + Iy, அதே ஆரமுள்ள கிரானைட் உருளைக்கு ஏன் வருவதில்லை?"

உதவிய அனைவருக்கும் நன்றி. விடையைத் தந்தது, ஒரே ஒரு துகளை எடுத்து எழுதிப் பார்க்கச் சொன்ன தர்மபுரி ஆசிரியர் ஐயாவின் வழிதான். அத்துகளின் தொலைவு வர்க்கம் z அச்சிலிருந்து x² + y², x அச்சிலிருந்து y² + z², y அச்சிலிருந்து z² + x². கடைசி இரண்டையும் கூட்டினால் 2z² மிஞ்சுகிறது. மெல்லிய தகட்டில் z சுழியம் என்பதால் அது மறைகிறது. தடித்த பொருளில் மறைய வழியில்லை.

மையத்தின் வழியே செல்லும் அச்சுகளைக் கொண்டால், நிறை M, உயரம் h உள்ள சீரான உருளைக்கு இந்த மிச்சம் Mh²/6 ஆகும். கிருஷ்ணகிரிப் பட்டறையில் அறுத்து வாங்கிய, 10 செ.மீ. ஆரமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள வில்லையில் Iz = 50M, மிச்சம் 0.67M மட்டுமே. உயரம் 20 செ.மீ. ஆனால் மிச்சம் 66.7M; அதாவது Iz-ஐயே மிஞ்சிவிடுகிறது.

தடிமன் கூடினால் Iz-உம் மாறும் என்று ஒரு நண்பர் எழுதியது பாதி சரி: நிறை கூடுவதால் மாறும், ஆனால் MR²/2 என்ற வடிவம் மாறாது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. கிரைண்டர் கல்லைப் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: அது தன் அச்சில் மட்டுமே சுழல்வதால் இத்தேற்றமே தேவைப்படாது. வில்லையைக் கம்பியில் தொங்கவிட்டு முறுக்கி, 1.3 விழுக்காட்டு வேறுபாட்டை அளக்க முடியுமா என்பது இன்னும் முடிவாகவில்லை; விளிம்புச் சில்லுகளே அந்த அளவுக்குப் பிழை தரக்கூடும்.