அரைநிலாவுக்கும் பௌர்ணமிக்கும் நடுவே உள்ள நிலாவுக்கு என்ன பெயர்?

குறிஞ்சி:

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலாப் பதிவேடு ஒன்று தயாரிக்கிறேன். நான்கு வாரம், நாளுக்கு ஒரு வட்டம். இருண்ட பகுதியைப் பென்சிலால் தீட்டிவிட்டு, பார்த்த நேரம், திசை, வடிவத்தின் பெயர் மூன்றையும் எழுத வேண்டும். அந்தப் பெயர்க் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அமாவாசை, பிறை, அரைநிலா, பௌர்ணமி எல்லாம் இருக்கின்றன. அரைநிலா தாண்டிப் பௌர்ணமி வரும்வரை ஏறக்குறைய ஒரு வாரம் தெரிகிறதே, பாதிக்கு மேல் நிறைந்த நிலா, அதற்கு என்ன எழுதச் சொல்வது? ஆங்கிலத்தில் கிப்பஸ் என்கிறார்கள். 'வளர்பிறை' என்று போட்டால் மூன்றாம் நாள் கீற்றுக்கும் பன்னிரண்டாம் நாள் பெரிய நிலாவுக்கும் ஒரே பெயராகிவிடும்.

மாறன்:

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? 'குறைமதி'. நிறைமதிக்கு நேர் எதிர்ச்சொல். பூமியின் நிழல் கொஞ்சம் விழுந்து நிறைவு குறைகிறது, ஆகவே குறைமதி. வளர்குறைமதி, தேய்குறைமதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

செழியன்:

மாறன், எதிர்ச்சொல்லாக வைத்தது சரி, காரணம் தவறு. பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான். மற்ற நாளெல்லாம் சூரியன் நிலாவின் ஒரு பாதியை ஒளியூட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. பெயரே 'குறை' என்றால் எதுவோ அதை மறைக்கிறது என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் நாமே விதைப்பதாகும். தவிர, மதி என்றால் அறிவும்தான். "இன்றைக்கு நீ குறைமதி" என்று வகுப்பில் ஒருவன் ஆரம்பித்தால் அடக்க முடியாது.

கிப்பஸ் லத்தீனில் திமில், கூன் என்ற பொருளில் வந்த சொல். அதற்காகக் 'கூன்நிலா' என்றும் போட முடியாது. தமிழில் 'கூனல் இளம்பிறை' என்பது வளைந்த கீற்றைக் குறிக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்! அரைநிலாவுக்கு மட்டும் நம்மிடம் அழகான பழைய சொல் இருக்கிறது. புறநானூற்றில் ஒரு சிறுகுளத்தின் வளைந்த கரைக்கு 'எண்ணாள் திங்கள்' உவமை. எட்டாம் நாளுக்குப் பிறகு என்ன என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை.

பரிதி:

நிலாவின் மாறும் நிலைகளுக்குக் கட்டம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் புதிது தேடுகிறீர்கள்? எனக்கு வேறொரு சந்தேகம். நானும் வீட்டில் என் பெண்ணுக்கு விளக்கைச் சூரியனாகவும் பந்தை நிலாவாகவும் வைத்துக் காட்டினேன். பௌர்ணமி வர வேண்டிய இடத்தில் பந்து இருண்டுவிட்டது. "அப்பா, இது அமாவாசை" என்கிறாள். பந்து சரியில்லையா?

குறிஞ்சி:

பரிதி ஐயா, நான் கேட்டது கட்டத்துக்கு இல்லை, ஒரு வடிவத்துக்குப் பெயர். ஆனாலும் உங்கள் கேள்வி இதோடு ஒட்டியதுதான். பந்தில் குறையில்லை, உங்கள் பெண்ணின் தலைதான் வெளிச்சத்தை மறித்திருக்கிறது. விளக்குக்கு முதுகைக் காட்டும்போது கை தலை மட்டத்தில் இருந்தால் நிழல் நேராகப் பந்தில் விழும். அது கிரகணம்.

எனக்கும் முதல் தடவை இப்படியே ஆனது. இப்போது செய்வது இது. அறையை நன்றாக இருட்டாக்கி, மூடி இல்லாத பல்பு ஒன்றைப் பிள்ளைகளின் தலை உயரத்தில் வைக்கிறேன். வெள்ளைத் தெர்மாகோல் பந்தைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டி, உச்சந்தலைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். பிறகு நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. கையை உயர்த்துவது அந்தச் சாய்வுக்கு ஈடு என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்றைச் செழியன் ஐயாவிடம் கேட்க வேண்டும். கால்வட்டம் திரும்பினால் சரிபாதி தெரியும் என்று சொல்லியிருந்தேன். ஒரு பெண் அதற்கு முன்பே "பாதி வந்துடுச்சு டீச்சர்" என்றாள். நானும் நின்று பார்த்தேன், அவள் சொன்னது உண்மை.

செழியன்:

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்து. விளக்கு எவ்வளவு தூரம்? 2 மீட்டர் என்றும் கை 60 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பந்திலிருந்து பார்க்கையில் கண்ணும் விளக்கும் செங்கோணத்தில் இருந்தால்தான் சரிபாதி தெரியும். அது 90 பாகை திரும்பும்போது வராது, ஏறக்குறைய 72 பாகையிலேயே வந்துவிடும். வானத்தில் சூரியன் நிலாவைப் போல 400 மடங்கு தூரத்தில் இருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழங்காலக் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் இந்தக் கோணத்தை வைத்துத்தான் சூரியனின் தூரத்தைக் கணக்கிட முயன்றார். 87 பாகை என்று எடுத்துக்கொண்டார், உண்மையில் 90-க்கு மிக அருகில். விளக்கை அறையின் மறுகோடிக்குத் தள்ளுங்கள், பிழை சிறுத்துவிடும். கிட்டத்தில் இருந்தால் நீங்கள் பெயர் தேடும் அந்த வடிவம்தான் வகுப்பில் வேண்டியதைவிட அதிக நேரம் தெரியும்.

பெயருக்கு வருகிறேன். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைக் கவனியுங்கள். பிறையில் அது உள்வாங்கியிருக்கும், அரைநிலாவில் நேராக இருக்கும், அதற்குப் பிறகு இருட்டின் பக்கம் புடைத்துக்கொண்டு போகும். ஆகவே 'புடைநிலா'. வளர்புடை, தேய்புடை. குறையைச் சொல்லாமல் வெளிச்சத்தின் வடிவத்தைச் சொல்கிறது.

மாறன்:

நிழல் விஷயம், ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் தவறாகவே நினைத்திருக்கிறேன். ஆனால் புடை என்றால் எனக்கு முறம்தான் ஞாபகம் வருகிறது. 'முக்கால் நிலா' எல்லோருக்கும் புரியுமே?

செழியன்:

அரைநிலாவுக்கு மறுநாளே ஏறக்குறைய 60 விழுக்காடு ஒளி. பௌர்ணமிக்கு முந்தின நாள் 98-ஐ ஒட்டி வரும். இரண்டையும் முக்கால் என்றால் அளவு பார்க்கும் பிள்ளை கேள்வி கேட்கும். கேட்கவும் வேண்டும்.

தென்றல்:

நான் தென்கோளத்தில் இருக்கிறேன். பதிவேட்டில் "வலப்பக்கம் ஒளி என்றால் வளர்வது" என்று அச்சடிக்காதீர்கள். இங்கே இடப்பக்கம்தான் வளரும். நிலநடுக்கோட்டுப் பக்கம் மாலைப் பிறை படகு போலக் கிடக்கும், இடமும் இல்லை வலமும் இல்லை. என் மகன் புத்தகப் படத்தைப் பார்த்து மாற்றித் தீட்டிவிட்டு வந்தான்.

குறிஞ்சி (ஐந்து வாரம் கழித்து):

தென்றல் சொன்ன வரியை எடுத்துவிட்டேன். "சூரியன் இருக்கும் பக்கம் ஒளி" என்று மட்டும் போட்டேன்.

பதிவேடுகள் வந்துவிட்டன. பௌர்ணமிக்குப் பிறகு பாதிப் பேர் வெற்றாக விட்டிருந்தார்கள். தப்பு என்னுடையது. தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் நிலாவை மாலை ஏழு மணிக்குத் தேடச் சொன்னால் எங்கே இருக்கும்? காலையில் மேற்கே பாருங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேரின் பதிவேட்டில் ஒரு நாள் கூட மேகம் இல்லை, ஆனால் அந்த மாதம் நான்கு நாள் வானமே தெரியவில்லை. நாள்காட்டியைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். 'மேகம், தெரியவில்லை' என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று அடுத்த தடவை முதல் பக்கத்திலேயே போடப்போகிறேன்.

அரைநிலாவா, தாண்டிவிட்டதா என்று பார்க்க அடிக்குச்சியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, நிலாவில் உள்ள கோட்டோடு ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். கோடு குச்சியோடு படிந்தால் அரை, வெளியே பிதுங்கினால் புடை. இந்த வேலையில் 'புடைநிலா' நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால் பெயர்க் கட்டத்தில் ஒன்பது பேர் 'தொப்பை நிலா' என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

செழியன்:

வளர்தொப்பை, தேய்தொப்பை! பாடநூலில் ஏறாது அம்மா. ஆனால் அடித்துவிடாதீர்கள்.

மாறன்:

என் ஓட்டு தொப்பைக்கு.