லீட் குறைந்த மாதத்து ரிப்போர்ட் மெயில்: எதை முதலில் சொல்வது?

கொங்கு ஆட்ஸ்
கோவையில் மாடுலர் கிச்சன் செய்யும் வாடிக்கையாளர். கூகுள் ஆட்ஸ் மட்டும்தான் நம் பொறுப்பு. 2025 செப்டம்பரில் ரூ.1,80,000 செலவில் 150 லீட். அக்டோபரில் ரூ.1,49,800 செலவில் டாஷ்போர்டு காட்டுவது 86 லீட். அக்டோபர் 6-ம் தேதி அவர்களுடைய வெப் டிசைனர் விசாரணைப் படிவத்தை மாற்றியதில் கன்வர்ஷன் டேக் நின்றுபோனது. 15-ம் தேதிதான் கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது. 20-ம் தேதி தீபாவளி. மெயிலின் வரைவு இப்படி இருக்கிறது:

"பண்டிகைக் காலம் என்பதாலும், டிராக்கிங்கில் சிறு தாமதம் ஏற்பட்டதாலும் இம்மாத லீட் எண்ணிக்கையில் சற்று மாற்றம் காணப்படுகிறது. இம்ப்ரெஷன்கள் நிலையாக உள்ளன. வரும் மாதம் மேலும் சிறப்பாகச் செயல்படுவோம்."

இதே மாதிரி மாதத்தை எழுதியவர்கள் எப்படி எழுதினீர்கள், வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ரிப்போர்ட் மேசை
அந்த வரைவில் வினைச்சொற்களைப் பாருங்கள். ஏற்பட்டது, காணப்படுகிறது. செய்தவர் யாரென்று தெரியாத வினைகள். மோசமான மாதத்து மெயிலில் வாடிக்கையாளர் முதலில் மோப்பம் பிடிப்பது இதைத்தான். "யார் கவனிக்கவில்லை?" என்று அவர் போன் போட்டுக் கேட்கும் முன் மெயிலே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வாக்கியத்தைத் தொடும் முன் எண்ணைச் சரிபாருங்கள். 86 உண்மையான எண் இல்லை. டேக் நின்ற நாட்களிலும் படிவம் வேலை செய்திருக்கும், விசாரணைகள் அவர்களுடைய மெயில் பெட்டிக்குப் போயிருக்கும். அந்த மெயில்களைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக எல்லாவற்றையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம், அதில் விளம்பரம் வழியே வராதவையும் இருக்கும். படிவம் எந்தப் பக்க முகவரியிலிருந்து அனுப்பப்பட்டது என்ற வரி மெயிலில் இருந்தால், அதில் `gclid=` இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

கொங்கு ஆட்ஸ்
பார்த்தாயிற்று. மொத்தம் 34 மெயில், அதில் 21-ல் `gclid` இருக்கிறது.

ரிப்போர்ட் மேசை
அப்படியானால் உண்மை எண் 107. ஒரு லீட்டின் செலவு 1,200 ரூபாயிலிருந்து 1,400 ஆகியிருக்கிறது. டாஷ்போர்டு காட்டுவது 43 சதவீத வீழ்ச்சி, உண்மையில் நடந்தது 29 சதவீதம். இரண்டையும் மெயிலில் சொல்லுங்கள். 107-ஐ மட்டும் எழுதினால், அவர் டாஷ்போர்டைத் திறந்து 86 பார்க்கும் நிமிடத்தில் மற்ற எல்லா வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தறிநகர்
ஒரு சின்னத் திருத்தம். செப்டம்பருக்கு 30 நாள், அக்டோபருக்கு 31. நாள் சராசரியில் 5 லீட் என்பது 3.45 ஆகியிருக்கிறது. அதாவது 31 சதவீதம். நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் எடுக்கக் கூடாது.

ரிப்போர்ட் மேசை
ஒப்புக்கொள்கிறேன். மெயிலில் நாள் சராசரியையே போடுங்கள்.

பத்து வருட பிபிசி
செப்டம்பரோடு ஒப்பிடுவதே தப்பு. பண்டிகை மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் மோசமாகத்தான் தெரியும். போன வருட அக்டோபரோடு ஒப்பிட்டுப் போடுங்கள், பிரச்சினையே வராது.

தறிநகர்
அது பாதிதான் சரி அண்ணா. தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. போன வருடம் தீபாவளிக்கு முந்தைய நாட்கள்தான் அக்டோபரில் விழுந்தன, பிந்தைய மந்தம் முழுக்க நவம்பருக்குப் போய்விட்டது. இந்த வருடம் இரண்டும் அக்டோபருக்குள்ளேயே. ஆயுத பூஜையும் அப்படித்தான், 2024-ல் அக்டோபர் 11, 2025-ல் அக்டோபர் 1. அதனால் தேதியை வைத்து இல்லாமல் தீபாவளியை நடுவில் வைத்து, முன்பின் பத்துப் பத்து நாளை ஒப்பிடுங்கள். ஜவுளி, நகை, கிச்சன் எல்லாவற்றுக்கும் இதே தொல்லைதான்.

கொங்கு ஆட்ஸ்
18 முதல் 22 வரை ஐந்து நாளில் 6 லீட். வழக்கமாக 25 வந்திருக்க வேண்டும். பண்டிகையால் போனது 19 என்று எழுதலாமா?

ரிப்போர்ட் மேசை
"சுமார் 19" என்று எழுதலாம். மொத்தம் குறைந்தது 43. மீதி 24-க்குப் பண்டிகை பதில் சொல்லாது, அதைத்தான் மெயில் விளக்க வேண்டும். `Search lost IS (rank)`, `Search lost IS (budget)` இரண்டும் எப்படி இருக்கின்றன?

கொங்கு ஆட்ஸ்
rank 22 சதவீதத்திலிருந்து 41. budget கிட்டத்தட்ட பூஜ்யம்.

ரிப்போர்ட் மேசை
அங்கேதான் இருக்கிறது. பட்ஜெட் கையில் இருந்தும் விளம்பரம் மேலே வரவில்லை. டார்கெட் சிபிஏ ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது நாள் கிளிக் வந்தது, கன்வர்ஷன் பதிவாகவில்லை. சிஸ்டம் அதை "இந்தக் கிளிக்குகள் பலனில்லை" என்று எடுத்துக்கொண்டு ஏலத்தொகையைக் குறைத்திருக்கும். 15-ம் தேதி டேக்கைச் சரிசெய்தும் அந்தத் தப்பான பாடம் உள்ளே இருந்துவிட்டது. முப்பதாயிரம் ரூபாய் செலவாகாமல் மீந்ததற்கும் இதுவே பெரிய காரணம். எழுதும் முன் `Auction insights` ஒருமுறை பாருங்கள். புதிய போட்டியாளர் நுழைந்திருந்தாலும் rank இழப்பு கூடும். இரண்டையும் பிரிக்காமல் எழுதாதீர்கள்.

கொங்கு ஆட்ஸ்
அதே ஐந்து பேர்தான். புதிதாக யாரும் இல்லை. டார்கெட் சிபிஏ 1,300.

ரிப்போர்ட் மேசை
நல்லது. இப்போது `Data exclusions` போடுங்கள். பலர் தவறுவது தேதியில். அது கிளிக் நடந்த தேதியைப் பார்க்கிறது, படிவம் நிரப்பிய தேதியை இல்லை. 4-ம் தேதி கிளிக் செய்து 6-ம் தேதி படிவம் நிரப்பியவரின் கன்வர்ஷனும் போய்விட்டது. `Days to conversion` பிரிவில் உங்கள் ஆட்கள் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் நிரப்புகிறார்கள் என்றால் 4 முதல் 15 வரை. இன்னொன்று, இது ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மாற்றாது, இனிமேல் வரும் ஏலத்தை மட்டும் திருத்தும். வாடிக்கையாளரிடம் "டேட்டாவைச் சரிசெய்துவிட்டோம்" என்று எழுதிவிடாதீர்கள், 86 அங்கேயேதான் நிற்கும்.

ஈரோடு எஸ்இஓ
எங்கள் பக்கம் இதே மாதிரி ஒன்று. 2025 செப்டம்பர் நடுவில் கூகுள் தேடல் முகவரியில் `&num=100` வேலை செய்வது நின்றது. ரேங்க் பார்க்கும் கருவிகள் ஒரே பக்கத்தில் நூறு முடிவை எடுத்தது போய்விட்டது. அதோடு பல தளங்களுக்கு சர்ச் கன்சோலில் டெஸ்க்டாப் இம்ப்ரெஷன் சரிந்தது, சராசரி இடம் திடீரென்று நன்றாகத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் பயந்தார்கள். கிளிக் மாறவில்லை என்பதை அதே வரைபடத்தில் காட்டிய மெயில்கள்தான் எடுபட்டன. சராசரி இடம் உயர்ந்ததை நம் சாதனையாக எழுதியவர்கள் அடுத்த மாதம் மாட்டிக்கொண்டார்கள்.

புது ஏஜென்சி
எனக்கும் இதே சிக்கல்தான். வாடிக்கையாளர் இரண்டு மாத பில் தரவில்லை. ரிப்போர்ட் மெயிலிலேயே நினைவூட்டலாமா?

தறிநகர்
அது வேறு விஷயம் தம்பி. லீட் குறைந்த மெயிலில் பில் பேச்சு வேண்டாம், இரண்டு நாள் விட்டுத் தனி மெயிலாகப் போடுங்கள்.

ரிப்போர்ட் மேசை
கொங்கு ஆட்ஸ், உங்கள் எண்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

> தலைப்பு: அக்டோபர் ரிப்போர்ட்: லீட் 107, செப்டம்பரைவிடக் குறைவு
>
> வணக்கம் சார்,
>
> அக்டோபரில் விளம்பரம் வழியே 107 விசாரணைகள் வந்தன. செப்டம்பரில் 150. நாளுக்கு 5 வந்தது 3.45 ஆகக் குறைந்தது. ஒரு விசாரணையின் செலவு 1,200 ரூபாயிலிருந்து 1,400 ஆனது.
>
> டாஷ்போர்டில் 86 என்றுதான் இருக்கும். 6-ம் தேதி படிவம் மாறியபோது எண்ணிக்கை பதிவாவது நின்றது. அதை நாங்கள் 15-ம் தேதிதான் கவனித்தோம், அது எங்கள் தவறு. விடுபட்ட 21 விசாரணைகளை உங்கள் மெயில் பெட்டியிலிருந்து எண்ணிச் சேர்த்திருக்கிறோம். பட்டியல் இணைப்பில் உள்ளது.
>
> குறைந்த 43-ல் சுமார் 19, தீபாவளியை ஒட்டிய ஐந்து நாட்களில். மீதிக்கு முக்கியக் காரணம் அந்தப் பதிவுக் கோளாறு என்று கருதுகிறோம். பதிவு இல்லாததால் கூகுள் உங்கள் விளம்பரத்துக்கு ஏலத்தொகையைக் குறைத்தது. சரிசெய்த பிறகும் அது முழுதாக மீளவில்லை. போட்டியாளர் யாரும் புதிதாக வரவில்லை.
>
> செய்வது: கோளாறான நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுள் ஆட்ஸில் இன்று குறித்துவிட்டோம். இலக்குச் செலவு 1,300-ஐ இரண்டு வாரம் மாற்ற மாட்டோம். திங்கள்தோறும் சோதனைப் படிவம் அனுப்பிப் பதிவாகிறதா என்று பார்ப்போம். தளத்தில் மாற்றம் செய்யும்போது இரண்டு வேலை நாள் முன்பே எங்களிடம் சொல்லும்படி உங்கள் டிசைனரிடம் கூற வேண்டுகிறோம்.
>
> நவம்பர் 14 அன்று எண்ணைத் தருகிறோம். நாள் சராசரி 4.5-ஐத் தொடாவிட்டால், எங்கள் விளக்கம் போதாது என்று பொருள். அன்றே தேடல் சொற்களையும் விளம்பரப் பக்கத்தையும் புதிதாக ஆராய்ந்து உங்களை அழைக்கிறோம்.

கடைசிப் பத்தியை வெட்டச் சொல்லி உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன நடந்தால் நம் விளக்கம் தப்பு என்று முன்கூட்டியே எழுதினால்தான் வாடிக்கையாளர் அதை விளக்கமாக எடுத்துக்கொள்வார்.

பத்து வருட பிபிசி
"எங்கள் தவறு" என்று எழுத்தில் கொடுத்தால் கட்டணத்தில் கழிக்கச் சொல்வார்கள். படிவத்தை மாற்றியது அவர்களுடைய ஆள்தானே?

ரிப்போர்ட் மேசை
மாற்றியது அவர். ஒன்பது நாள் தினமும் கணக்கைத் திறந்தும் பூஜ்யத்தைக் கவனிக்காதது நாம். மெயிலில் இரண்டும் இருக்கின்றன, யாரையும் குற்றம் சாட்டவில்லை. கழிவு கேட்டால் தரலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

தறிநகர்
எனக்கு ஒரு சந்தேகம். அந்த 21-க்கும் `gclid` இருக்கிறதே. கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஆஃப்லைன் கன்வர்ஷனாக ஏற்றிவிடலாம். ஏற்றினால் `Data exclusions` தேவையா? ஏற்றிவிட்டு அதே நாட்களை விலக்கினால் ஏற்றியது ஏலத்துக்கு உதவாது என்று தோன்றுகிறது.

ரிப்போர்ட் மேசை
அந்த 21 முழுமையான பட்டியல் என்றால் ஏற்றுவதே மேல் என்பேன். ஆனால் போன் அழைப்புகள், ஸ்பேமில் விழுந்த மெயில்கள் விடுபட்டிருந்தால் பாதி டேட்டாதான் உள்ளே போகும். சந்தேகம் இருக்கும்வரை விலக்குவதே பாதுகாப்பு என்பது என் பக்கம்.

தறிநகர்
நான் ஏற்றுவதன் பக்கம். டாஷ்போர்டிலும் மெயிலிலும் எண் ஒன்றாகிவிடும், அதுவே பெரிய நிம்மதி.

கொங்கு ஆட்ஸ்
ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேட்டிருக்கிறேன். அந்த எண் வந்த பிறகு எது என்று முடிவு. 107 மாறினால் தலைப்பு வரியும் மாறும்.