அக்கா மகனின் வளர்ச்சிக் குறிப்புகளை அட்டவணையாக்கினேன், எல்லாக் கட்டமும் சிவப்பாக வருகிறது

காசிமேட்டு மாமன்

வணக்கம். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவன் நான். அக்கா மகன் பிறந்தது 2024 மார்ச் 10, முப்பத்திரண்டாவது வாரத்திலேயே. பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த நாள் மே 5. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலுமாக மூன்று இடங்களில் காட்டியிருக்கிறோம். தடுப்பூசி அட்டையின் ஓரம், மருந்துச் சீட்டின் பின்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் என்று குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அடுத்த வாரம் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் போக வேண்டும். போன முறை அங்கிருந்த மருத்துவர் கட்டைப் புரட்டிவிட்டு, "இதை வயதுவாரியாக எழுதி வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முக்கியமான நான்கு வருகைகளின் குறிப்பு இது:

2024 அக்டோபர் 22: கழுத்து நின்றது. தனியாக உட்காரவில்லை.
2025 ஜனவரி 20: உட்காருகிறான். தவழவில்லை.
2025 ஜூன் 12: பிடித்துக்கொண்டு நடக்கிறான். 'அம்மா', 'தா' சொல்கிறான். டாட்டா காட்டுகிறான்.
2025 அக்டோபர் 18: தனியாக நடக்கிறான். 'தா' மட்டும்.

இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலில் உட்கார 6 மாதம், தவழ 9, நடக்க 12 என்றிருந்தது. அதை வைத்து, தாண்டினால் சிவப்பு என்று சூத்திரம் போட்டேன். அசைவுப் பகுதி முழுக்கச் சிவப்பு. பேச்சில் கொஞ்சம் சிவப்பு. பழகுதல் பகுதியில் குறிப்பே அதிகம் இல்லாததால் பாதி காலி, மீதி பச்சை. அக்கா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சூத்திரம் தவறா, நான் தவறா?

பெரம்பூர் தாத்தா

தம்பி, குறைமாதப் பிள்ளைக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதெல்லாம் ஒரு வயது வரைக்கும்தான். அதற்குமேல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான். பேச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள். என் மகன் மூன்று வயதில் பேசினான், இன்று வாயை மூட மாட்டேன் என்கிறான்.

திருவொற்றியூர் தாமரை

தவழவில்லை என்று பயப்படாதீர்கள் அண்ணா. என் மகள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, ஒரு நாள் கட்டிலைப் பிடித்து எழுந்து நடந்துவிட்டாள். மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம்.

காசிமேட்டு மாமன்

மருந்து பற்றிக் கேட்கவில்லை அம்மா, அட்டவணை பற்றித்தான். ஆனாலும் அக்காவிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் தெளிந்தாள்.

வியாசர்பாடி பிசியோ

பதினாறு ஆண்டுகளாகச் சிறு குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவள். தாத்தா சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் மாதத்தைக் கழிப்பது ஒரு வயதோடு நிற்பதில்லை, பொதுவாக இரண்டு வயது வரை கழிக்கிறோம். மனக்கணக்கு எதற்கு? குறித்த பிரசவ நாளிலிருந்தே எண்ணினால் திருத்திய வயது தானாக வரும். H1 கட்டத்தில் 2024 மே 5 என்று போடுங்கள். A வரிசையில் வருகை நாள், C-யில் வயது, D-யில் விடை, E-யில் கடைசி எல்லை. எண்கள் உங்கள் வரிசைக்கு ஏற்ப மாறலாம்.

```
=DATEDIF($H$1, A5, "m")
=IF(D5="?", "கேள்", IF(AND(D5="இல்லை", C5>=E5), "கவனி", ""))
```

இரண்டாவது பிழை எல்லையில். 12 மாதம் என்பது பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் சராசரி. சராசரியை எல்லையாக வைத்தால் நல்ல பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சிவப்பில் விழுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் தனியாக உட்கார்ந்துவிடும் வயது 9.2 மாதம், தனியாக நடந்துவிடும் வயது 17.6 மாதம். உங்கள் பையன் அக்டோபரில் உட்காராதபோது திருத்திய வயது ஐந்தரை மாதம். ஜூனில் பிடித்து நடந்தபோது பதின்மூன்று மாதம். இரண்டும் தாமதம் இல்லை. தவழ்தலை வரிசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். தாமரை சொன்னதுபோல் சில பிள்ளைகள் தவழ்வதே இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் பேச்சும் பழக்கமும் கிடையாது. அவற்றுக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022இல் திருத்திய பட்டியலைப் பலர் பயன்படுத்துகிறோம். அதில் ஒரு செயலை எந்த வயதில் முக்கால்வாசிப் பிள்ளைகள் செய்கிறார்களோ, அந்த வயதில் வைத்திருக்கிறார்கள். ஆகவே நடை எல்லையைத் தாண்டுவதும் பேச்சு எல்லையைத் தாண்டுவதும் ஒரே அளவு சிவப்பு அல்ல. பேச்சுக்கு வேறு நிறம் கொடுங்கள், மஞ்சளாக இருக்கட்டும். மஞ்சள் என்றால் சோதிக்க வேண்டும் என்று பொருள், நோய் என்று பொருள் அல்ல.

ஓய்வுபெற்ற செவிலி, கொருக்குப்பேட்டை

எல்லோரும் சிவப்பையே பார்க்கிறீர்கள். எனக்குப் பச்சைதான் உறுத்துகிறது. ஜூனில் 'அம்மா' இருந்தது, டாட்டா இருந்தது. அக்டோபர் குறிப்பில் 'தா' மட்டும். தம்பி, அவன் இப்போது டாட்டா காட்டுகிறானா? ஜூனில் ஒருமுறை "ஆம்" போட்டுவிட்டு, அதையே அக்டோபருக்கும் இழுத்துவிட்டீர்களா?

காசிமேட்டு மாமன்

ஆமாம் அம்மா. ஒருமுறை வந்தால் வந்ததுதானே என்று கீழே இழுத்துவிட்டேன். அக்காவிடம் இப்போதுதான் கேட்டேன். சில வாரங்களாகக் காட்டுவதில்லையாம். நடக்க ஆரம்பித்த குஷியில் மறந்திருப்பான் என்று நினைத்தாளாம்.

ஓய்வுபெற்ற செவிலி, கொருக்குப்பேட்டை

சரக்குக் கணக்கில் நேற்று இறக்கிய பெட்டி இன்றும் கிடங்கில் இருக்கிறதென்று எண்ணாமல் எழுதுவீர்களா? ஒவ்வொரு வருகையிலும் ஒவ்வொரு செயலுக்கும் தனி விடை வேண்டும்: ஆம், இல்லை, ?. மருத்துவர் எழுதாததெல்லாம் "இல்லை" அல்ல, "?" தான். "கடைசியாகப் பார்த்த நாள்" என்று இன்னொரு வரிசை சேருங்கள். வந்த திறமை போனால் வயது எல்லை பார்க்க வேண்டியதில்லை, அட்டவணையின் முதல் வரியில் எழுதுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா? விரலால் எதையாவது சுட்டிக் காட்டுகிறானா?

காசிமேட்டு மாமன்

டிவி விளம்பரத்துக்குத் திரும்புகிறான். பெயருக்கு எப்போதாவதுதான். வேண்டியதற்கு என் கையைப் பிடித்து இழுப்பான். விரல் நீட்டிப் பார்த்த நினைவில்லை.

வியாசர்பாடி பிசியோ

செவிலி அக்கா சொன்னதை நான் கவனிக்கவில்லை, நல்ல வேளை அவர் கேட்டார். அவன் திருத்திய வயது இப்போது பதினேழு மாதம் தாண்டுகிறது. சுட்டுதல், பெயருக்குத் திரும்புதல் இரண்டையும் "இல்லை" என்று எழுதி மஞ்சள் போடுங்கள். டிவி சத்தம் கேட்பதால் காது நன்றாக இருக்கிறதென்று முடிவு செய்யாதீர்கள். சில சத்தம் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலி கேட்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்குபேட்டரில் இருந்தானா, மஞ்சள் காமாலை எவ்வளவு ஏறியது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து மேலே எழுதுங்கள். பிறந்தபோது காதுச் சோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பெரம்பூர் தாத்தா

கைப்பேசி கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அதைப் பிடுங்கினாலே போதும்.

வியாசர்பாடி பிசியோ

குறைப்பது நல்லதுதான் ஐயா. ஆனால் குறைத்துப் பார்க்கிறோம் என்று சோதனையைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். 'தா' என்பதைச் சொல்லாகக் கணக்கிடலாமா என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எதற்குச் சொன்னான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அங்கே முடிவு செய்யட்டும்.

காசிமேட்டு மாமன்

அட்டவணையை மாற்றிவிட்டேன். அசைவில் ஒரு சிவப்பும் இல்லை. பேச்சில் ஒன்று, பழகுதலில் இரண்டு மஞ்சள். மேலே "டாட்டா, 'அம்மா' நின்றுவிட்டன" என்ற வரி. வியாழக்கிழமை காதுச் சோதனை. அக்கா பழைய வீடியோக்களைத் தேடினாள். பிள்ளையாருக்கு டாட்டா காட்டுவது ஒன்றில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி, கொருக்குப்பேட்டை

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்றால் கோப்பின் தேதியை நம்பாதீர்கள், அது வந்து சேர்ந்த நாளாக இருக்கும்.

காசிமேட்டு மாமன்

அக்காவின் கைப்பேசியிலேயே எடுத்தது, சதுர்த்தி அன்று. கடைசியாகப் பார்த்த நாள்: 2025 ஆகஸ்ட் 27 என்று போட்டுவிட்டேன்.