மாமாவின் உடம்புச் சூடும் குல்கந்துப் போத்தலும்

ஹட்டன் மருமகள்: மாமாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். மெட்ஃபோர்மின் எடுக்கிறார். பிளேன்டீயைக்கூடச் சீனியில்லாமல்தான் குடிப்பார். இரவானால் உள்ளங்கால் எரிகிறது, உடம்புச் சூடு என்கிறார். இந்தியாவுக்கு யாத்திரை போய்வந்தவர்கள் குல்கந்து கொடுத்தார்கள். படுக்குமுன் மேசைக்கரண்டி குவியச் சாப்பிடுகிறார். "ரோஜாப்பூ என்ன செய்துவிடும்?" என்பது அவர் வாதம். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு ஏறியிருக்கிறது. சாப்பிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

நுவரெலியாக்காரர்: நான் வீட்டிலேயே போட்டேன். பன்னீர் ரோஜா இதழும் சீனியும் அடுக்கடுக்காகப் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? மேலே பூஞ்சணம் பிடித்துவிட்டது. பூக்கடை ரோஜாவில் போடாதீர்கள், மருந்தடித்திருப்பார்கள்.

பதுளை மகள்: சீனியில் போட்டால்தான் கெடுதி. அம்மா கற்கண்டும் தேனும் சேர்த்ததைச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை. மலச்சிக்கலும் போயிற்று.

பழைய டிஸ்பென்சரிக்காரன்: மலச்சிக்கல் குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி, கற்கண்டும் சீனிதான். தேனும் இரத்தச் சீனியை ஏற்றும். அம்மாவுக்கு அளந்து பார்த்தீர்களா? ஹட்டன் அம்மா, போத்தலில் சர்க்கரை எவ்வளவென்று போட்டிருக்கிறது?

ஹட்டன் மருமகள்: 100 கிராமில் 70 கிராம்.

பழைய டிஸ்பென்சரிக்காரன்: குவித்த மேசைக்கரண்டி 20 கிராமாவது இருக்கும். அதில் 14 கிராம் சர்க்கரை, அதாவது மூன்றரைத் தேக்கரண்டிச் சீனி. பிளேன்டீயில் விட்டதையெல்லாம் படுக்கும் நேரத்தில் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார். காலை அளவு ஏறியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சில நாட்கள் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள்.

எனக்குக் கவலை அந்த எரிச்சல்தான். இரண்டு பாதத்திலும் விரலில் தொடங்கி, இரவில் கூடினால், அது சீனியால் நரம்பு கெடுவதாக இருக்கலாம். மெட்ஃபோர்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்தாலும் இப்படி எரியும். இரண்டையும் குல்கந்து குளிர்விக்காது. தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும்கூடச் சீனி ஏறியதன் அடையாளம், நம்மவர்கள் அதையும் சூட்டுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள். அதுவரை குளிருக்கு அடுப்பருகே கால் நீட்ட விடாதீர்கள். உணர்வு மங்கிய கால் சுட்டாலும் தெரியாது.

பதுளை மகள்: தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டதெல்லாம் பொய்யா, அண்ணா?

பழைய டிஸ்பென்சரிக்காரன்: பொய் என்று எங்கே சொன்னேன்? சீனி வருத்தம் இல்லாதவர் ஒரு தேக்கரண்டி சாப்பிட்டு இதமாக இருக்கிறது என்றால் நான் ஏன் வாதாடப் போகிறேன்?

ஹட்டன் மருமகள்: கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார்கள். பெருவிரலடியில் தொட்டது மாமாவுக்குத் தெரியவேயில்லை. பி12 பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. குல்கந்தைப் பிள்ளைகள் பாணில் பூசிச் சாப்பிடுகிறார்கள். மாமா இப்போது சீனியில்லாத குல்கந்து கேட்கிறார். அதில் மால்டிட்டோல் என்று போட்டிருக்கிறதாம்.

பழைய டிஸ்பென்சரிக்காரன்: அந்த மாற்று இனிப்பும் இரத்தச் சீனியை ஓரளவு ஏற்றும். கூடினால் வயிற்றால் போகும், மெட்ஃபோர்மினோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.