மின்வெட்டு வந்தப்போ ஓடிக்கிட்டிருந்த 3 தறி: எஸ்டிமேஷன்ல நான் வாங்குன அடி

செல்லூர்ப் பேத்தி

எம்.எஸ்சி. புள்ளியியல் ப்ராஜெக்டுல நடந்தது. 2012, மதுரைப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கும்ண்டு யாருக்கும் தெரியாத வருஷம். செல்லூர்ல தாத்தாவுக்குத் தெரிஞ்ச ஒரு விசைத்தறிக் கூடம். பாவு நூல் அறுந்து தறி நிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுண்டு குறிச்சு, எக்ஸ்போனென்ஷியல்ல பொருத்தி, லாக் லைக்லிஹுட்டை டிஃபரன்ஷியேட் பண்ணி அறுப்பு ரேட்டு λ-வைக் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் வேலைண்டு நெனச்சேன்.

தறிக்காரர் முதல்லயே சொல்லிட்டாரு: "குறுக்கு நூல் தார் தீர்ந்து நிப்பாட்டுறதை எல்லாம் அறுப்புண்டு எழுதிராதம்மா." நியாயம்தான். தார் தீர்றது கிட்டத்தட்ட கணக்கா நடக்கும், நூல் அறுறது சொல்லாம வரும். அறுப்பை மட்டும் எழுதுனேன். காலைல 9 மணிக்கு 8 தறி ஓட ஆரம்பிச்சுச்சு. 7, 12, 19, 28, 41 நிமிஷத்துல அஞ்சு தறி அறுந்து நின்னுச்சு. டாண்ணு 10 மணிக்குக் கரண்ட் போச்சு. மிச்ச 3 தறியும் அதுவரைக்கும் ஒரு தடவைகூட அறல.

அறாத தறிக்கு நேரம் ஏதுண்டு அந்த மூணையும் அடிச்சுட்டேன். 5/λ-லருந்து 107-ஐக் கழிச்சுப் பூஜ்யம்ண்டு போட்டா சராசரி 1/λ = 107/5, அதாவது 21.4 நிமிஷம். ரெண்டாவது வகையீடு −5/λ², மைனஸ், ஆக உச்சம்தான். எல்லாம் சுத்தமா இருந்துச்சு. தறிக்காரர் தாளைப் பாத்துட்டு, "21 நிமிஷத்துக்கு ஒருக்கா அறுந்தா நான் எப்பவோ தறியை எடைக்குப் போட்டிருப்பேன்"ண்டாரு. கைடும் கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டாரு.

இந்த மாதிரி வகையீடு சரியா வந்து விடை தப்பிப் போன அனுபவம் வேற யாருக்காவது உண்டா?

ஆரப்பாளையம் கடைசி பெஞ்ச்

அக்கா, எனக்கு வகையீடே சரியா வரல. λ-வைப் பொறுத்துப் பண்ணாம t-யைப் பொறுத்துப் பண்ணிட்டேன். ln λ − λt-ல t-யைப் பிடிச்சா −λ வரும். அதைப் பூஜ்யம்ண்டு போட்டா λ = 0. நானும் கீழே ரெண்டு கோடு போட்டு 'விடை'ண்டு எழுதி வச்சேன். பேப்பர் குடுத்தப்போ மிஸ் எதுவும் சொல்லல, சிரிச்சாங்க. அதுதான் வலிச்சுச்சு.

காம்பஸ் பெட்டி

செல்லூர்ப் பேத்தி, இதுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஓடிக்கொண்டிருந்த 3 தறிக்கும் 60 என்று போட்டுவிட வேண்டியதுதானே? மொத்தம் 107 + 180 = 287. எட்டால் வகுத்தால் 35.9 நிமிடம். லைக்லிஹுட்டை உச்சமாக்கும் எம்.எல்.இ. என்பது கடைசியில் சராசரிதான். நான் பாலிடெக்னிக்கில் பல வருடம் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒரு பிள்ளையும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

ரிட்டயர்டு ஸ்பின்னிங்

காம்பஸ் பெட்டி சார், பாதி தூரம் சரியா வந்துட்டீங்க. அந்த 180 நிமிஷத்தைக் கூட்டணும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா 8-ஆல வகுத்தா அந்த மூணும் சரியா 60-ஆவது நிமிஷத்துல அறுந்துச்சுண்டு ஆயிரும். அறலையே! 60 நிமிஷம் தாங்குச்சு, அது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

பேத்தி, லைக்லிஹுட்டை வகையீடு வரைக்கும் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தறியும் என்ன சாட்சி சொல்லுதுண்டு எழுதணும். 7-ல அறுந்தது λe^(−7λ) குடுக்கும். 60 தாண்டி ஓடுனது e^(−60λ) மட்டும் குடுக்கும், முன்னால λ வராது. எட்டையும் பெருக்குனா:

```
L = λ^5 · e^(−287λ)
ln L = 5 ln λ − 287λ
5/λ − 287 = 0
λ = 5/287 ≈ 0.0174
1/λ = 57.4
```

மேல அறுந்த எண்ணிக்கை, கீழ மொத்த ஓட்ட நேரம். தறிக்காரர் மனசுல இருந்ததும் இதுதான், மணிக்கு ஒண்ணு.

உங்க 21.4 தப்புண்டு அன்னைக்கே கூடத்துல நின்னு கண்டுபிடிச்சிருக்கலாம். சராசரி 21.4-ஆ இருந்தா ஒரு தறி 60 நிமிஷம் தாங்க வாய்ப்பு e^(−60/21.4), சுமார் 0.06. எட்டுத் தறில அரைத் தறிதான் மிஞ்சும், உங்களுக்கு மூணு மிஞ்சிருக்கு. 57.4-ஐப் போட்டா 0.35 வரும், எட்டுல 2.8. பொருந்துதா?

ஆனா அஞ்சே அஞ்சு அறுப்பு. 57.4-ஐ √5-ஆல வகுத்தா 25 நிமிஷத்துக்கு மேல வருது, அவ்வளவு முன்னப் பின்ன போகலாம். தறிக்காரர் சொன்னது ஒத்துப்போச்சுண்டு ரொம்பச் சந்தோஷப்படாதீங்க.

காம்பஸ் பெட்டி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாத் தறியும் அறுந்து முடிந்திருந்தால் சராசரிதானே? அந்த மட்டில் நான் சொன்னது சரி.

ரிட்டயர்டு ஸ்பின்னிங்

அந்த மட்டில் சரிதான் சார்.

அறுப்பு எண்ணிக்கைக்குப் பொருத்துற பாய்சான் பக்கமும் இதே கூத்து உண்டு, அது என் அனுபவம். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்ல அறுப்பை 100 ஸ்பிண்டில் மணிக்கு இத்தனைண்டுதான் சொல்லுவோம். ஒரு டிரெய்னிப் பையன் ரெண்டு ஸ்டடி கொண்டுவந்தான். முதல்ல 1000 ஸ்பிண்டிலை அரை மணி பாத்துருக்கான், 10 அறுப்பு. அடுத்து அதே 1000 ஸ்பிண்டிலை 2 மணி நேரம், 90 அறுப்பு. ரேட்டு 2, 4.5. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி 3.25-ண்டு ரிப்போர்ட்.

லைக்லிஹுட் எழுதிருந்தா 100 ln λ − 2500λ வந்திருக்கும் (கூடவே λ இல்லாத ஒரு எண் ஒட்டிக்கிட்டு நிக்கும், வகையீட்டுல அது போயிரும்). λ = 100/2500, அதாவது 100 ஸ்பிண்டில் மணிக்கு 4. அரை மணி பாத்ததுக்கும் ரெண்டு மணி நேரம் பாத்ததுக்கும் சமமா ஓட்டுக் குடுக்க முடியாது.

ஆனா நான் அவனைத் திட்டினது 3.25-க்காக இல்லை. 4-ண்டா முதல் ஸ்டடியில 20 அறுப்பு வந்திருக்கணும். வந்தது 10. பாய்சான்ல 20-க்கு ஏத்த இறக்கம் √20, நாலரை. ரெண்டு மடங்குக்கு மேல இறங்கிருக்கு. ரெண்டு ஸ்டடிக்கும் ஒரே λ-ண்டு எடுத்ததே சந்தேகம். விசாரிச்சா ரெண்டாவது ஸ்டடி எடுத்த மத்தியானம் ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் நின்னு கெடந்துருக்கு. காத்து காஞ்சா பஞ்சு அறும், மில்லுல எல்லாருக்கும் தெரியும். வகையீடு பாட்டுக்கு 4-ண்டு சொல்லிட்டுப் போயிரும், ஃபிரேமைப் போய்ப் பாக்கிறது நம்ம வேலை.

மேலூர் இன்வெர்ட்டர்

ஐயா வணக்கம். எனக்கு நூலும் தெரியாது, கணக்கும் பிளஸ் டூ வரைதான். 20 வீட்டுல ஒரே மாடல் இன்வெர்ட்டர் போட்டேன். 6 மாசம் ஆச்சு, ஒரு கம்ப்ளைண்ட்கூட இல்லை. உங்க கணக்குப்படி மேல 0, கீழ 120 மாசம். அப்போ λ = 0. கெட்டே போகாதுண்டு நோட்டீஸ்ல போடலாமா?

ஆரப்பாளையம் கடைசி பெஞ்ச்

அண்ணே, எனக்கும் 0-தான் வந்துச்சு, மார்க்கு போடல 😄

ரிட்டயர்டு ஸ்பின்னிங்

தம்பிக்கு வந்த 0 கணக்குத் தப்பு. மேலூர்க்காரருக்கு வர்ற 0 வேற ஜாதி. அவருக்கு லைக்லிஹுட் வெறும் e^(−120λ). லாக்கை டிஃபரன்ஷியேட் பண்ணா −120, λ எங்க இருந்தாலும் −120. அதைப் பூஜ்யமாக்கவே முடியாது. 0-லருந்து சரிஞ்சுக்கிட்டே போற கோடு, உச்சம் ஓரத்துல நிக்குது. வகையீடு உதவாத இடம் இது.

நோட்டீஸ்ல போடாதீங்க. இப்படிக் கேளுங்க: λ எவ்வளவு பெருசா இருக்கிற வரைக்கும் 120 மாசம் ஒண்ணும் ஆகாம போக 5 சதவீத வாய்ப்பாவது இருக்கும்? e^(−120λ) = 0.05-ண்டு போட்டா λ சுமார் 3/120, மாசத்துக்கு 0.025. அதாவது 40 மாசத்துக்கு ஒரு கோளாறு வர்ற சரக்கா இருந்தாக்கூட நீங்க பாத்தது நடந்திருக்கலாம்.

மேலூர் இன்வெர்ட்டர்

40 மாசம்ண்டா 2 வருஷ வாரண்டி தாராளமாக் குடுக்கலாம்ல?

செல்லூர்ப் பேத்தி

குடுக்காதீங்கண்ணே. 40 மாசம் சராசரி. சராசரி 40-ஆ இருந்தாலும் 24 மாசத்துக்குள்ள கெடுறதுக்கு 1 − e^(−24/40), 45 சதவீத வாய்ப்பு. 20 வீட்டுல 9 வீட்டுக்காரங்க கடைக்கு வந்துருவாங்க. அதோட பேட்டரி நாள்பட நாள்பட நோஞ்சானாகும். எக்ஸ்போனென்ஷியலுக்கு வயசே தெரியாது, புதுசும் பழசும் அதுக்கு ஒண்ணு. முதல் 6 மாசம் ரெண்டாவது வருஷத்தைப் பத்தி எதுவும் சொல்லாது.

மேலூர் இன்வெர்ட்டர்

கம்பெனிக்காரன் 2 வருஷம்ண்டு அட்டைல அடிச்சே குடுத்துட்டான்மா. பாப்போம்.

காம்பஸ் பெட்டி

அப்படியானால் தறிக்கும் அதே கேள்வி உண்டே. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டினால் அங்கேயே மறுபடி அறுவதை நானே பார்த்திருக்கிறேன். அது எக்ஸ்போனென்ஷியலா?

ரிட்டயர்டு ஸ்பின்னிங்

நல்ல கேள்வி சார். முதல் அறுப்பு வரைக்கும் ஒருவேளை ஒத்துக்கலாம், முடிச்சுக்கு அப்புறம் எனக்கும் நம்பிக்கை இல்லை. அஞ்சு எண்ணை வச்சு வளைவைச் சோதிக்கவும் முடியாது.

பேத்தி, இன்னொண்ணு உறுத்துது. 7-ஆவது நிமிஷம் அறுந்த தறியை முடிச்சுப் போட்டு ஓட்டிருப்பாங்கள்ல? 10 மணி வரைக்கும் அதையும் எழுதிருந்தா அஞ்சுக்குப் பதிலா ஏழோ எட்டோ அறுப்பு கெடைச்சிருக்கும். காம்பஸ் பெட்டி சார் கேட்டதுக்கும் ஏதாவது துப்பு கெடைச்சிருக்கும். முதல் அறுப்போட ஏன் நிறுத்துனீங்க?

செல்லூர்ப் பேத்தி

கைடு 'முதல் அறுப்பு வரை'ண்டு தலைப்புலயே போட்டிருந்தாரு ஐயா.

நீங்க கேட்டதால நேத்து பரண்ல ஏறி நோட்டை எடுத்தேன். ஓரத்துல பென்சில்ல எழுதித்தான் வச்சிருக்கேன்: 'தறி 2 மறுபடி 9:33', 'தறி 5 மறுபடி 9:50'. ஆனா முடிச்சுப் போட்டுத் திரும்ப ஓடவிட்டது எத்தனை மணிக்குண்டு எங்கயும் எழுதல. ஒரே அண்ணன்தான் எட்டுத் தறியையும் பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு தறியில முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தா இன்னொண்ணு அஞ்சு நிமிஷம்கூடச் சும்மா நிக்கும். அந்த நேரத்தைக் கீழ சேக்கக் கூடாது. மேல போட 7 இருக்கு, கீழ போட ஓட்ட நேரம் இல்லை.